மூன்று தேர்வுத்தாள்கள் சொன்ன உண்மை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் துணைப்பாட ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)

பெற்றோர்களே, தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு மாணவியின் தாயார் என்னிடம் வந்தார். பிப்ரவரி, மே, ஆகஸ்ட் மாதங்களில் நடந்த கணிதத் தேர்வுகளில் மகள் பெற்றவை ஐம்பதுக்கு 29, 30, 31. "ஆறு மாதமாகத் தினமும் பெருக்கலும் வகுத்தலும் போட வைக்கிறேன், சார். இரண்டே மதிப்பெண்தான் கூடியிருக்கிறது. கவனமே இல்லை என்று நேற்றுகூட அடித்துவிட்டேன்" என்று கண் கலங்கினார்.

நல்லவேளையாக, கையெழுத்திட்டுப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பும் முன்பு ஒவ்வொரு தாளையும் அவர் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். திருத்தங்கள் எழுதப்படுவதற்கு முன்பே எடுத்த படங்கள் அவை. பிள்ளை சரியான விடையை மேலே எழுதிவிட்டால், முதலில் எப்படித் தவறியது என்பதற்கான தடயம் மறைந்துவிடும். ஓரத்தில் கிறுக்கிய கணக்கும் படத்தில் தெரிந்தது. அதுதான் எனக்கு மிகவும் உதவியது.

மூன்று தாள்களையும் அருகருகே வைத்து, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணும் எதனால் போனது என்று எழுதினேன். முதலில் மூன்றுமே கால்குலேட்டர் இல்லாமல் எழுதிய தாள்கள்தானா என்று கேட்டு உறுதிசெய்தேன். தொடக்கநிலை ஐந்தில்தான் கால்குலேட்டர் பயன்பாடு தொடங்குகிறது. ஒரு தாளில் அது இருந்து மற்றொன்றில் இல்லாவிட்டால், கணக்கிடும் திறனை ஒப்பிடுவதில் பொருளில்லை.

கூட்டல், பெருக்கல், வகுத்தல் பிழைகளால் பிப்ரவரியில் 9 மதிப்பெண் போயிருந்தது. மே மாதத்தில் 5, ஆகஸ்டில் வெறும் 2. தாயார் கொடுத்த பயிற்சி வீண்போகவில்லை. அப்படியானால் அந்த 7 மதிப்பெண் எங்கே போனது?

பிப்ரவரித் தாளில் இருந்த ஒரு கேள்வி இந்த வகை: 120 வெள்ளியில் மூன்றில் ஒரு பங்கைப் புத்தகத்துக்கும், மீதியில் நான்கில் ஒரு பங்கைப் பேனாவுக்கும் செலவிட்டால் மிச்சம் எவ்வளவு? புத்தகத்துக்கு 40 போக மீதி 80. அதில் நான்கில் ஒரு பங்கு 20. மிச்சம் 60 வெள்ளி. மாணவியோ இரண்டு பின்னங்களையும் கூட்டி, 120இல் பன்னிரண்டில் ஏழு பங்கு 70 என்று கழித்து, 50 என எழுதியிருந்தாள். கூட்டலிலும் கழித்தலிலும் ஒரு பிழையும் இல்லை!

ஆகஸ்டில் பாடம் விழுக்காடு. 200 வெள்ளிப் பைக்கு 20 விழுக்காடு கழிவு. குறைந்த விலையில் மேலும் 10 விழுக்காடு கழிவு. முதலில் 160, பிறகு 144 வெள்ளி என்று வரவேண்டும். அவள் இரண்டையும் கூட்டி, 30 விழுக்காடு கழித்து 140 என்றிருந்தாள். பாடத்தின் பெயர்தான் மாறியது, தவறு மாறவில்லை. முதல் செலவுக்குப் பிறகு 'முழுமை' சிறுத்துவிடுகிறது என்பது அவளுக்குப் புரியவில்லை.

இத்தகைய கேள்விகள் பிப்ரவரியில் இரண்டு, மே மாதத்தில் மூன்று, ஆகஸ்டில் நான்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண். அத்தனையும் தவறு. 6, 9, 12 என்று இழப்பு ஏறியது. அவள் பின்தங்கவில்லை, இந்த வகைக் கேள்விகள்தான் கூடின. ஒரு தாளை மட்டும் பார்த்திருந்தால் 'பின்னம் வரவில்லை' என்றோ 'விழுக்காடு வரவில்லை' என்றோதான் சொல்லியிருப்போம்.

கவனக்குறைவையும் புரியாமையையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கவனக்குறைவு ஓரிடத்தில் தவறும், அடுத்த கேள்வியில் சரியாக வரும். புரியாமை ஒவ்வொரு முறையும் ஒரே வழியில் தவறும்.

ஆனாலும் படங்களை மட்டும் நம்பி முடிவு செய்யவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூமன் 1977இல் விளக்கிய முறைப்படி, கேள்வியை உரக்கப் படித்து, என்ன கேட்கிறார்கள் என்று சொல்லச் சொன்னேன். படித்தாள், 'மீதி' என்பதற்கும் சரியாகவே பொருள் சொன்னாள். பட்டைப் படம் வரையச் சொன்னபோது விஷயம் வெளிப்பட்டது. மூன்றில் ஒரு பங்கை அடித்துவிட்டு, நான்காகப் பிரிக்க மீண்டும் முழுப் பட்டைக்கே போனாள்.

பெருக்கல் பயிற்சியை நிறுத்தினோம். ஒவ்வொரு பின்னத்தின், விழுக்காட்டின் பக்கத்திலும் 'எதில்?' என்று எழுதி, அந்தத் தொகையையும் குறிக்க வைத்தோம்.

அக்டோபர்த் தாளில் இத்தகைய கேள்விகள் மூன்று. பின்னக் கேள்விகள் இரண்டும் சரி, விழுக்காடு தவறு. ஆகவே பலவீனம் நீங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பாதி வழி வந்திருக்கிறாள். அந்தத் தாளையும் தாயார் படம் எடுத்து வைத்திருக்கிறார். இம்முறை மகளைத் திட்டவில்லை, விழுக்காட்டுக் கேள்வியைக் காட்டி "எதில், அம்மா?" என்று மட்டும் கேட்டாராம்.