மின்னஞ்சலில் வரும் வேலை, பலகையில் ஏறும் வேலை

தனித்து இயங்கும் வடிவமைப்பாளர், எழுத்தாளர், மென்பொருள் வல்லுநர் ஆகியோருக்குப் பெரும்பாலான வேலைகள் மின்னஞ்சலில்தான் வருகின்றன. வாடிக்கையாளர் தம் மனதில் தோன்றிய வரிசையில் எழுதியிருப்பார். ஒரே கடிதத்தில் புதிய வேலை, பழைய வேலையில் குறை, கணக்கு வழக்கு எல்லாம் கலந்திருக்கும். அந்தக் கடிதத்தை இன்பாக்ஸிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தால், எதை எப்போது முடிப்பது, எதற்குக் கட்டணம் உண்டு என்பது கடைசிவரை தெளியாது. அதனால் பல ஃப்ரீலான்சர்கள் ஒவ்வொரு கோரிக்கையையும் ப்ராஜெக்ட் போர்டில் கார்டாக மாற்றிக்கொள்கிறார்கள்.

இந்தப் பலகை முறையின் வேர் தொழிற்சாலையில் இருக்கிறது. ஜப்பானில் டொயோட்டாவின் பொறியாளர் தாயிச்சி ஓனோ, எந்தப் பாகம் எப்போது தேவை என்பதை அட்டைகள் மூலம் தெரிவிக்கும் கான்பான் முறையை உருவாக்கினார். பிற்காலத்தில் மென்பொருள் குழுக்கள் அதை எடுத்துக்கொண்டன. 2011இல் வந்த ட்ரெல்லோ போன்ற செயலிகள் அதைத் தனிநபர்களின் திரைக்கும் கொண்டுவந்தன. பலகையில் இடமிருந்து வலமாகச் சில பத்திகள் இருக்கும். ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு. வேலை நகர நகரக் கார்டும் அடுத்த பத்திக்கு நகரும். ஃப்ரீலான்சருக்கு ஐந்து பத்திகள் போதும்: வந்தவை, கேள்வி நிற்கிறது, தொடங்கலாம், நடக்கிறது, முடிந்தது. இவற்றில் இரண்டாவது பத்திதான் மிகவும் பயன்படுவது.

முறை எப்படி நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். கோவையில் இருக்கும் ஓர் இணையதள வடிவமைப்பாளருக்கு ஈரோட்டுச் சேலைக் கடைக்காரர் ஒருவர் 2025 செப்டம்பர் 24, புதன்கிழமை இப்படி எழுதுகிறார் என்று கொள்வோம்:

“சார் வணக்கம். தீபாவளி ஆஃபருக்குத் தனியாக ஒரு பக்கம் போட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட்டால் நல்லது. சேலை போட்டோக்களை வரும் செவ்வாய் அனுப்பிவிடுகிறேன். அப்படியே லோகோவையும் கொஞ்சம் புதுசாக்கிவிடுங்கள். போனில் முதல் பக்கம் திறக்க ரொம்ப நேரம் எடுக்கிறது என்று கஸ்டமர்கள் சொல்கிறார்கள், என்னவென்று பாருங்கள். போன இன்வாய்ஸில் கடையின் பழைய முகவரி இருக்கிறது, மாற்றி அனுப்பவும்.”

முதல் வேலை, கடிதத்தைப் பிரிப்பது. தனியாகச் செய்து, தனியாகச் சரிபார்த்து, தனியாக முடித்துவிடக்கூடியது எதுவோ அது ஒரு கார்டு. அந்தக் கணக்கில் இங்கே நான்கு கோரிக்கைகள் இருக்கின்றன: ஆஃபர் பக்கம், லோகோ, முதல் பக்கத்தின் வேகம், இன்வாய்ஸ். கடைசியானது ஐந்து நிமிட வேலை. அதற்குக் கார்டு எழுதும் நேரத்தில் முகவரியை மாற்றி அனுப்பிவிடலாம். மற்ற மூன்றும் கார்டாகின்றன.

கார்டின் தலைப்பு, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். “ஈரோடு கடை” என்று எழுதினால் பத்து நாள் கழித்து ஒன்றும் புரியாது. “தீபாவளி ஆஃபர் பக்கம் வடிவமைத்து ஏற்றுதல்” என்றால் புரியும். தலைப்பின் கீழே, அந்த வேலையைப் பற்றி வாடிக்கையாளர் எழுதிய வரிகளை அப்படியே ஒட்டி, கடிதத்தின் தேதியையும் குறிக்க வேண்டும். தம் சொற்களில் சுருக்கி எழுதினால், கேட்டது எது, தாம் ஊகித்தது எது என்ற வேறுபாடு அழிந்துவிடும். “கொஞ்சம் புதுசாக்கிவிடுங்கள்” என்பதை “லோகோ மறுவடிவமைப்பு” என்று எழுதிவிட்டால், கேட்காத ஒரு பெரிய வேலையை வடிவமைப்பாளரே தம் தலையில் ஏற்றிக்கொண்டதாகிவிடும்.

அடுத்தது கெடு. “அடுத்த வெள்ளிக்கிழமை” என்பது புதன்கிழமை எழுதிய கடிதத்தில் இரண்டு நாளைக் குறிக்கலாம்: செப்டம்பர் 26 அல்லது அக்டோபர் 3. போட்டோக்கள் செவ்வாய்க்கிழமை, அதாவது 30ஆம் தேதிதான் வரும் என்பதால் 3ஆம் தேதியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தைக் கெடுவாகப் பதிவு செய்யக் கூடாது. காலண்டரைப் பார்த்தால் இன்னொரு சிக்கலும் தெரிகிறது. அக்டோபர் 1 ஆயுத பூஜை. 2ஆம் தேதி விஜயதசமியும் காந்தி ஜயந்தியும் சேர்ந்து வருகின்றன. பக்கத்தை முடிக்க மூன்று வேலை நாள் தேவை என்று வைத்துக்கொண்டால், 30ஆம் தேதி மாலை போட்டோ கிடைத்த பிறகு கெடுவுக்குள் மிஞ்சுவது ஒரே ஒரு வேலை நாள்.

இதற்கு வழி, வேலையை எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்துப் பிரிப்பது. பக்கத்தின் அமைப்பு, எழுத்து, நிறம் ஆகியவற்றை மாதிரிப் படங்களை வைத்து 29ஆம் தேதிக்குள் முடித்துவிடலாம். உண்மையான போட்டோக்களைப் பொருத்தி ஏற்ற ஒரு நாள் போதும். ஆகவே ஆஃபர் பக்கக் கார்டு இரண்டாகிறது. இரண்டாவது கார்டில் “போட்டோ வரவேண்டிய நாள்: செப்டம்பர் 30, மாலை 6 மணி” என்று வாடிக்கையாளருக்கான கெடுவும் ஏறுகிறது. போட்டோ ஒரு நாள் தாமதித்தால் பக்கமும் தாமதிக்கும் என்பது அப்போதே எழுத்தில் இருந்துவிடுகிறது.

எனவே ஒரு கார்டில் கெடு என்று ஒற்றைத் தேதியை மட்டும் வைத்தால் போதாது. வாடிக்கையாளர் கேட்ட நாள், அவரிடமிருந்து பொருள் வரவேண்டிய நாள், தாம் முடிக்க எண்ணும் நாள் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். செயலியின் கெடுப் பெட்டியில் இடுவது மூன்றாவது தேதியை. மற்ற இரண்டும் விவரப் பகுதியில் இருக்கும். உறுதியாகாத தேதி என்றால் பெட்டியைக் காலியாக விட்டு, “தேதி கேட்க வேண்டும்” என்ற லேபிளை ஒட்டுவதே சரி. ஊகித்த தேதியை இட்டால், செயலி அதையும் உறுதியான தேதியைப் போலவே காட்டும். சில நாளில் எது உண்மை என்று எழுதியவருக்கே மறந்துவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் மணியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் கோடைக்கால வெள்ளி மாலை 5 மணி என்பது இந்தியாவில் சனி காலை 5.30.

மூன்றாவது, வேலையின் எல்லை. ஒவ்வொரு கார்டையும் ஏற்கெனவே செய்துகொண்ட ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டு, மூன்று லேபிள்களில் ஒன்றை ஒட்ட வேண்டும்: ஒப்பந்தத்துக்குள், ஒப்பந்தத்துக்கு வெளியே, தெரியவில்லை. நம் எடுத்துக்காட்டில் ஒப்பந்தம் ஐந்து பக்க இணையதளத்துக்கு. ஒப்படைத்த பின் மூன்று மாதம் பிழைதிருத்தம் இலவசம். தளம் ஒப்படைத்த நாள் ஜூலை 10. இதன்படி ஆஃபர் பக்கம் ஆறாவது பக்கம், எனவே வெளியே. லோகோ எந்த ஒப்பந்தத்திலும் இல்லை, அதுவும் வெளியே. அதோடு “கொஞ்சம்” என்பதன் அளவும் தெரியவில்லை. நிறத்தை மாற்றுவது அரை மணி நேர வேலை. புதிதாக வரைவது சில நாள் வேலை. எத்தனை மாதிரி, எத்தனை முறை திருத்தம், அச்சுக்கும் வேண்டுமா, கடைப் பெயர்ப்பலகையையும் மாற்றப் போகிறார்களா என்பன இந்தக் கார்டில் ஏறும் கேள்விகள்.

முதல் பக்கத்தின் வேகம்தான் நுட்பமான விஷயம். மூன்று மாதக் காலத்துக்குள் வந்த புகார் என்பதால் இலவசம் என்று தோன்றும். ஆனால் காரணம் இன்னும் தெரியாது. வடிவமைப்பாளர் எழுதிய நிரலில் கோளாறு இருந்தால் அது பிழைதிருத்தம். கடைக்காரர் போன் கேமராவில் எடுத்த பெரிய படங்களைச் சுருக்காமல் தளத்தில் ஏற்றியிருந்தால் அது அவருக்கான தனி வேலை. காரணம் தெரியாத வேலைக்கு “வேகத்தைச் சரிசெய்தல்” என்று கார்டு எழுதுவது ஆபத்து. அதற்கு முடிவே இருக்காது. “வேகக் குறைவின் காரணம் கண்டறிதல், ஒரு மணி நேரம்” என்று எழுதினால் வேலைக்கு எல்லை கிடைத்துவிடும். கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் தளத்தின் முகவரியை இட்டால், பக்கத்தின் முக்கியப் பகுதி திரையில் தோன்ற எத்தனை வினாடி ஆகிறது என்று தெரியும். 2.5 வினாடிக்குள் தோன்றினால் நல்லது என்பது கூகுள் வகுத்த அளவு. பின்னால் சரிசெய்யும் கார்டு எழுதும்போது, வேலை முடிந்ததா என்பதற்கு இந்த எண்ணையே அளவுகோலாக வைக்கலாம்.

கேள்விகள் கார்டிலேயே கிடந்தால் பயனில்லை. எல்லாக் கார்டுகளின் கேள்விகளையும் திரட்டி, எண்ணிட்டு, ஒரே பதிலாக அனுப்ப வேண்டும்:

“வணக்கம் சார். இன்வாய்ஸைத் திருத்தி இணைத்திருக்கிறேன். 1. ஆஃபர் பக்கம் அக்டோபர் 3, வெள்ளி மாலை 6 மணிக்குள் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த வெள்ளியே வேண்டுமென்றால் இன்று சொல்லுங்கள். இடையில் பூஜை விடுமுறை வருவதால் போட்டோக்கள் 30ஆம் தேதி மாலைக்குள் கிடைக்க வேண்டும். 2. இது புதிய பக்கம் என்பதால் கட்டணம் தனி, மதிப்பீட்டை இணைத்திருக்கிறேன். சரி என்று நீங்கள் எழுதியதும் தொடங்குகிறேன். 3. லோகோவில் நிறம் மட்டும் மாற வேண்டுமா, புதிதாக வரைய வேண்டுமா? 4. வேகக் குறைவின் காரணத்தை நாளை பார்த்துச் சொல்கிறேன். இதற்குக் கட்டணம் இல்லை.”

இந்தப் பதிலில் தேதியும் பணமும் வெவ்வேறு விதமாகக் கையாளப்படுவதைக் கவனிக்கலாம். தேதிக்கு ஓர் அனுமானத்தைச் சொல்லி, மறுத்தால் தெரிவிக்கும்படி கேட்கலாம். பதில் வராவிட்டாலும் திட்டமிட முடியும். பணத்துக்கு அப்படி அனுமானிக்க முடியாது. வாடிக்கையாளரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டால், இன்வாய்ஸ் போகும்போதுதான் தகராறு தொடங்கும். ஆகவே ஆஃபர் பக்கமும் லோகோவும் “கேள்வி நிற்கிறது” பத்தியிலேயே இருக்கும். வேகக் கார்டு மட்டும் “தொடங்கலாம்” பத்திக்கு நகரும்.

பதில் வந்ததும் அதன் வரிகளைத் தேதியோடு கார்டில் சேர்த்து, லேபிளை எடுத்து, கெடுவை இட்டு, கார்டை நகர்த்த வேண்டும். தொலைபேசியிலோ வாட்ஸாப்பிலோ ஒப்புக்கொண்டால், “இன்று பேசியபடி” என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அதைக் கார்டில் ஒட்டுவது பாதுகாப்பு.

முறை பிசகுவதைப் பலகையே காட்டிக்கொடுக்கும். ட்ரெல்லோவில் பலகைக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. அதற்குக் கடிதத்தை அனுப்பினால் அதன் பொருள் வரி தலைப்பாகவும், உள்ளே இருப்பது விவரமாகவும் தானே ஒரு கார்டு உருவாகும். வசதிதான், ஆனால் நான்கு கோரிக்கை இருந்தாலும் கிடைப்பது ஒரே கார்டு. “Re: Re:” என்று தொடங்கும் தலைப்புகள் பலகையில் பெருகினால் பிரிக்கும் வேலை நடக்கவில்லை என்று பொருள். கெடு தாண்டிய கார்டுகள் நிறைய இருந்தால், தேதிகள் உறுதியாகாமலே இடப்பட்டிருக்கின்றன. “கேள்வி நிற்கிறது” பத்தி எப்போதும் காலியாக இருந்தால், எல்லாம் தெளிவாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்; கேட்க வேண்டியதைக் கேட்காமல் வேலை தொடங்குகிறது என்றே கொள்ள வேண்டும். அடுத்த கடிதம் வரும்போது, எதையும் தொடங்கும் முன் அந்தப் பத்தியில் எது நிற்க வேண்டும் என்று பாருங்கள்.