பழைய வீடு எத்தனை, புது வீடு எத்தனை?

பூந்தமல்லியில் வேலையில் இருப்பவர்களின் விகிதம் மூன்று மாதத்தில் கூடியதா குறைந்ததா என்று அறிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊரெங்கும் குலுக்கல் முறையில் 15 வயதுக்கு மேற்பட்ட 400 பேரைத் தேர்ந்து கேட்கிறோம். 50 சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து வேறு 400 பேரைக் கேட்கிறோம், 45 சதவீதம். ஐந்து புள்ளி சரிந்துவிட்டதா? அவசரப்பட்டுச் சொல்ல முடியாது. முதல் சுற்றில் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகும் இளைஞர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகள் கொஞ்சம் கூடுதலாகவும், இரண்டாம் சுற்றில் ஓய்வுபெற்றவர்கள் வாழும் வீடுகள் கூடுதலாகவும் குலுக்கலில் விழுந்திருக்கலாம். ஊரில் ஒருவரும் வேலை இழக்காமலேயே விகிதம் சரிந்ததாகத் தெரியும். இந்தக் குலுக்கல் ஆட்டத்தை அளப்பதுதான் பரவற்படி. அதன் வர்க்கமூலம் திட்டப் பிழை. 400 பேருக்கு ஒரு சுற்றின் திட்டப் பிழை சுமார் 2.5 புள்ளி. இரு சுற்றுகளின் வித்தியாசத்துக்கு இரண்டு பிழைகளும் சேர்ந்து 3.5 புள்ளி ஆகிறது. வழக்கமாக ஒரு மாற்றத்தை நம்புவதற்கு அது திட்டப் பிழையைப் போல் இரு மடங்காவது, அதாவது இங்கே ஏழு புள்ளியாவது, இருக்க வேண்டும். ஐந்து போதாது.

இப்போது இரண்டாம் சுற்றை வேறு விதமாக நடத்துவோம். முதல் 400 பேரில் 300 பேரை வைத்துக்கொண்டு, 100 பேரை மட்டும் புதிதாகச் சேர்க்கிறோம். வைத்துக்கொண்ட 300 பேரில் ஓய்வுபெற்றவர் முன்பும் ஓய்வுபெற்றவர்தான், வீட்டிலேயே தையல் வேலை செய்பவர் பெரும்பாலும் இப்போதும் அதையே செய்கிறார். முதல் சுற்றைத் தற்செயலாக உயர்த்திய வீடுகள் இரண்டாம் சுற்றையும் ஏறக்குறைய அதே அளவுக்கு உயர்த்தும்; கழிக்கும்போது அந்த ஆட்டம் தானாக அடிபட்டுப் போகும். எவ்வளவு அடிபடும் என்பது ஒரே ஆளின் இரு சுற்றுப் பதில்களுக்கிடையே உள்ள ஒட்டுறவைப் பொறுத்தது. தனியாட்களின் பதில்களின் பரவற்படி S², ஒரு சுற்றில் கேட்கும் ஆட்களின் எண்ணிக்கை n, தக்கவைத்த பங்கு P, ஒட்டுறவு ρ என்றால், மாற்றத்தின் பரவற்படி இப்படி வரும்:

2S²/n × (1 − Pρ)

P முக்கால், ρ 0.8 என்று போட்டால் அடைப்புக்குள் 0.4 மிஞ்சுகிறது. பரவற்படி பத்தில் நான்காகிறது. திட்டப் பிழை 3.5 புள்ளியிலிருந்து 2.24 ஆகிறது. அதே ஐந்து புள்ளிச் சரிவு இப்போது இரு மடங்கைத் தாண்டிவிட்டதால் நம்பலாம். முழுக்கப் புது ஆட்களை வைத்து இதே துல்லியத்தை எட்ட, ஒவ்வொரு சுற்றிலும் 400 பேருக்குப் பதில் 1,000 பேரைக் கேட்டிருக்க வேண்டும். (ஒரே தெருவில் பல வீடுகளைச் சேர்த்து எடுக்கும் நிஜ ஆய்வுகளில் கணக்கு இன்னும் சிக்கலாகும், போக்கு இதேதான்.)

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்வது தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு. 2017 ஏப்ரலில் அது தொடங்கியபோது நகர்ப்புற வீடு ஒவ்வொன்றுக்கும் காலாண்டுக்கு ஒருமுறையாக நான்கு முறை போனார்கள். ஒவ்வொரு காலாண்டிலும் கால்பங்கு வெளியேற, புதிய கால்பங்கு உள்ளே வந்தது. 2025 ஜனவரியிலிருந்து கிராமங்களும் இந்தச் சுழற்சியில் சேர்ந்தன; ஒரே வீட்டுக்குத் தொடர்ந்து நான்கு மாதம் போகிறார்கள். ஆகவே அடுத்தடுத்த மாதங்களுக்கிடையே முக்கால் பங்கு பொதுவாக இருக்கிறது.

இவ்வளவு லாபம் என்றால் எல்லா வீட்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். மாற்றம் மட்டுமே கேள்வி என்றால் அது சரி. ஆனால் இந்த மாதம் எத்தனை சதவீதம் என்ற நிலவரமும் வேண்டியிருக்கிறது. அங்கே கணக்கு வேறு பக்கம் திரும்புகிறது. 1942இல் அமெரிக்காவின் அயோவாவில் பண்ணை ஆய்வுகளை ஆராய்ந்த ஜெஸ்ஸன் இதை முதலில் காட்டினார். 1950இல் பேட்டர்சன் பல சுற்றுகளுக்கு விரித்தார். நம் உதாரணத்தில் முதல் சுற்றின் 400 பேருக்கும் 50 சதவீதம். பின்னர் தக்கவைத்த 300 பேருக்கு மட்டும் அதே சுற்றில் 48 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த 300 பேர் தற்செயலாக இரண்டு புள்ளி தாழ்ந்தவர்கள் என்று நமக்குத் தெரியும். இரண்டாம் சுற்றில் அவர்கள் 44 காட்டினால், இரண்டை 0.8ஆல் பெருக்கி 1.6ஐக் கூட்டி 45.6 என்று திருத்தலாம். அதைப் புதிய 100 பேரின் விகிதத்துடன் உரிய எடையிட்டுச் சேர்த்தால் நிலவரம் கூர்மையாகிறது. இந்தத் திருத்தத்துக்கு இரு தரப்பும் தேவை. எல்லோரையும் வைத்துக்கொண்டால் ஒப்பிட வெளியே யாரும் இல்லை. எல்லோரையும் மாற்றினால் முந்தைய சுற்றோடு தொடர்பே இல்லை. இரண்டு கோடியிலும் லாபம் பூஜ்யம். ஒட்டுறவு 0.8 ஆக இருக்கையில் எட்டில் மூன்று பங்கை வைத்துக்கொள்வதே நிலவரத்துக்கு மிகச் சிறந்தது. பரவற்படி 20 சதவீதம் குறைகிறது. முக்கால் பங்கை வைத்தால் 12.5 சதவீதம்தான் குறையும்.

இரு சுற்றுகளையும் சேர்த்துச் சராசரி எடுப்பவருக்கோ தக்கவைத்தல் நஷ்டமே. கழிக்கும்போது அடிபட்ட ஆட்டம் கூட்டும்போது இரட்டிக்கிறது; அடைப்புக்குள் கழித்தல் குறி கூட்டல் குறியாகி 1.6 ஆகிறது. புதுப்புது ஆட்களைக் கேட்டால் இரு சுற்றுச் சராசரியின் திட்டப் பிழை 1.77 புள்ளி, முக்கால் பங்கை வைத்துக்கொண்டால் 2.24. ஆக, முக்கால் என்பது எல்லாத் தேவைக்கும் பொருந்தும் அளவல்ல. மாதத்துக்கு மாதம் என்ன மாறியது என்பதற்கு முன்னுரிமை தந்து எடுத்த முடிவு அது; மாதாந்திர ஆய்வுக்கு அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பதில் கெட்டுப்போகாதா என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. அமெரிக்காவின் மாதாந்திரத் தொழிலாளர் ஆய்வில் முதல் மாதம் கேட்கப்படும் வீடுகள் சராசரியைவிடக் கூடுதல் வேலையின்மையைக் காட்டுவதை 1975இல் பார்பரா பெய்லர் எழுதினார். பரவற்படிச் சூத்திரம் இந்தச் சாய்வைக் காட்டாது. ஒரே மாதத்தில் முதல் முறை கேட்ட வீடுகளையும் நான்காம் முறை கேட்ட வீடுகளையும் தனித்தனியே அட்டவணையிட்டால்தான் தெரியும். நிரந்தர விடை இதற்கு இல்லை, ஆனால் சுழற்சி இதைக் கட்டுக்குள் வைக்கிறது. எந்த மாதத்தை எடுத்தாலும் கால்பங்கு முதல் முறை, கால்பங்கு இரண்டாம் முறை என்ற கலவை மாறாததால், சாய்வு நிலையாக இருக்கும்வரை கழித்தலில் அதுவும் பெருமளவு அடிபடும். ஆனால் மாதச் சதவீதத்தில் அது தங்கிவிடும். பூந்தமல்லி போல வாடகைக்காரர் அடிக்கடி மாறும் புறநகரில் இன்னொரு தொல்லை உண்டு. வேலை மாறியவர்தான் வீட்டையும் மாற்றுகிறார். பூட்டிய வீடாக அவர் விடுபட்டால், மிஞ்சுபவர்கள் நிலையானவர்களாக இருப்பார்கள், மாற்றம் உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும்.

கடைசியாக, செய்தி படிப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்க ஆய்வில் ஒரு வீடு நான்கு மாதம் இருந்து, எட்டு மாதம் விலகி, மீண்டும் நான்கு மாதம் வருகிறது. அதனால் சென்ற ஆண்டின் இதே மாதத்துடனும் பாதி வீடுகள் பொதுவாக இருக்கின்றன. இந்தியாவில் நான்கு மாதத்துடன் வீடு வெளியேறிவிடுகிறது. ஆகவே சென்ற மாதத்தோடு ஒப்பிடுகையில் கிடைக்கும் துல்லியம் சென்ற ஆண்டோடு ஒப்பிடுகையில் கிடைக்காது. “ஓராண்டில் அரைப் புள்ளி குறைந்தது” என்ற தலைப்பைப் பார்த்தால், இரு பக்கமும் வெவ்வேறு வீடுகள் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.