ஈஸ்ட்டின் தகைவு எதிர்வினை மரபணு: இறுதியாண்டுத் திட்டத்திற்கான ஒருபக்க ஆய்வு முன்மொழிவு

ஆய்வுச் சுருக்கம்

இளநிலை, முதுநிலை உயிர்த்தொழில்நுட்ப மாணவர்கள் இறுதியாண்டில் அளிக்கும் ஆய்வு முன்மொழிவு பெரும்பாலும் ஒரே பக்கத்தில் அமைகிறது. அப்பக்கத்தில் இடம்பெற வேண்டிய வினா, சோதனை அமைப்பு, அளவீடு, வரம்பு ஆகியவற்றை ஈஸ்ட்டின் எச்எஸ்பி104 என்னும் மரபணுவைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஈஸ்ட், தகைவு எதிர்வினை, வெப்பத் தாங்குதிறன், எச்எஸ்பி104, ஆய்வு முன்மொழிவு

1. மரபணுவும் வினாவும்

வெப்பம் மிகும்போது செல்லினுள் புரதங்கள் வடிவிழந்து ஒன்றோடொன்று திரள்கின்றன. அத்திரள்களைப் பிரித்துப் புரதங்களை மீட்கும் பணியை எச்எஸ்பி104 மரபணு உருவாக்கும் புரதம் செய்கிறது. தரவுத்தளங்களில் இம்மரபணுவை YLL026W என்னும் குறியீட்டால் தேடலாம்.

1990ஆம் ஆண்டில் யோலந்தா சான்செஸ், சூசன் லிண்ட்குவிஸ்ட் ஆகியோர் இம்மரபணு நீக்கப்பட்ட ஈஸ்ட்டை ஆராய்ந்தனர். நேரடியாகக் கடும் வெப்பத்திற்கு உட்படுத்தியபோது நீக்கத் திரிபும் இயல்வகையும் ஒரே வேகத்தில் இறந்தன. மிதமான வெப்பத்தில் முன்னதாகப் பழக்கியபோதோ இயல்வகை தாங்குதிறன் பெற்றது. நீக்கத் திரிபு அவ்வாறு பெறவில்லை.

முன்மொழிவின் வினா இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்க வேண்டும். ‘எச்எஸ்பி104 வெப்பத்தைத் தாங்க உதவுகிறதா?’ என்று பொதுவாக வினவி, செல்களை நேரே 50° செல்சியஸில் வைக்கும் மாணவர் அம்மரபணுவிற்குப் பங்கில்லை என்ற பிழையான முடிவை அடைவார். ‘37° செல்சியஸில் 30 நிமிடம் பழக்கப்பட்ட செல்கள் 50° செல்சியஸில் உயிர்வாழ எச்எஸ்பி104 தேவையா?’ என்பதே விடைகாணத்தக்க வினா.

2. சோதனை அமைப்பு

இவ்வினாவிற்கு நான்கு குழுக்கள் தேவை: பழக்கிய இயல்வகை, பழக்காத இயல்வகை, பழக்கிய நீக்கத் திரிபு, பழக்காத நீக்கத் திரிபு. இரு வகைகளும் ஒரே மூல வகையைச் சார்ந்திருத்தல் வேண்டும். கடையில் வாங்கும் ரொட்டி ஈஸ்ட்டை இயல்வகையாகக் கொண்டால், காணும் வேறுபாடு இம்மரபணுவால் நேர்ந்ததா, பிற மரபணுக்களால் நேர்ந்ததா எனப் பிரித்தறிய இயலாது. மரபணு உண்மையிலேயே நீக்கப்பட்டுள்ளதைப் பிசிஆர் முறையால் முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.

வளர்ச்சி நிலையும் முடிவைத் திரிக்கக்கூடியது. சர்க்கரை தீர்ந்து வளர்ச்சி நின்ற செல்கள் பழக்கப்படாமலேயே வெப்பத்தைத் தாங்கும். எனவே இரு வகைகளையும் விரைந்து பெருகும் நிலையில், ஒரே ஒளியடர்த்தியில் எடுக்க வேண்டும்.

கோயம்புத்தூர்ச் சூழலில் மற்றொன்றையும் கருத வேண்டும். திட்டப்பணி முடிவுறும் ஏப்ரல் மாதத்தில் இங்குப் பகல் வெப்பம் 35° செல்சியஸைக் கடப்பது வழக்கம். குளிரூட்டப்படாத ஆய்வகத்தில் மேசைமீது வைத்த ‘பழக்காத’ செல்கள் தாமாகவே பழக்கம் பெறக்கூடும். பழக்காத இயல்வகை எதிர்பார்த்ததைவிட மிகுதியாகப் பிழைப்பதே இதற்கான அறிகுறி. ஆதலால் முன்மொழிவில் ‘அறை வெப்பநிலை’ என எழுதாமல் ‘25° செல்சியஸ்’ என வரையறுத்து, அதற்குரிய வளர்கருவியையும் குறிப்பிட வேண்டும்.

3. அளவீடு: ஒரு கணக்கீடு

உயிர்பிழைத்த செல்களைக் காலனிகளாக எண்ணுகிறோம். ஒரு தட்டில் 30 முதல் 300 வரையிலான காலனிகளே நம்பகமாக எண்ணத்தக்கவை. மில்லிலிட்டருக்கு 1 கோடி செல்களுடன் தொடங்குவதாகக் கொள்வோம். வெப்பத்திற்குப்பின் பழக்கிய இயல்வகையில் 10 விழுக்காடு பிழைத்தால் 10 இலட்சம் செல்கள் எஞ்சும். ஆயிரம் மடங்கு நீர்த்து 0.1 மில்லிலிட்டர் பரப்பினால் 100 காலனிகள் தோன்றும்.

நீக்கத் திரிபில் 0.1 விழுக்காடு பிழைத்தால் 10 ஆயிரம் செல்களே எஞ்சும். அதனையும் ஆயிரம் மடங்கு நீர்த்தால் சராசரியாக ஒரு காலனிதான் கிடைக்கும். அது 0.1 விழுக்காடா, 0.3 விழுக்காடா எனக் கூற இயலாது. பத்து மடங்கு மட்டும் நீர்த்தால் 100 காலனிகள் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு குழுவிற்கும் பல நீர்த்தல் நிலைகளை முன்மொழிவிலேயே திட்டமிட வேண்டும். ஒரே குழாயிலிருந்து மூன்று தட்டுகளில் பரப்புவது மூன்று மறுசெய்கைகள் ஆகாது; தனித்தனியே வளர்த்த மூன்று வளர்ப்புகள் தேவை.

4. வரம்பு

கொங்கு நாட்டில் சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் வடிக்கப்படுவதால், ‘இவ்வாய்வு எரிசாராய உற்பத்தியைப் பெருக்கும்’ எனப் பயன்பகுதியில் எழுதும் விழைவு எழலாம். நொதிகலனில் ஈஸ்ட் 50° செல்சியஸைச் சில நிமிடங்கள் எதிர்கொள்வதில்லை. அதனினும் குறைந்த வெப்பத்தையும் பெருகும் எரிசாராயச் செறிவையும் பல மணிநேரம் எதிர்கொள்கிறது. இச்சோதனை அந்நிலைக்கு விடையளிக்காது.

முடிவுரை

நான்கு குழுக்களில் பழக்கிய நீக்கத் திரிபு மட்டும் பழக்கிய இயல்வகையினின்று வேறுபட்டு, பழக்காத இரண்டும் ஒத்திருந்தால், பழக்கத்தால் பெறும் தாங்குதிறனுக்கு எச்எஸ்பி104 தேவை எனலாம். நீக்கத் திரிபினுள் அம்மரபணுவை மீளச் செலுத்தியபின் தாங்குதிறன் திரும்பினால் அம்முடிவு உறுதிபெறும். பழக்காத குழுக்களும் வேறுபட்டால் வளர்ச்சி நிலையையும் வெப்பநிலையையும் மீண்டும் ஆராய வேண்டும். எந்த முடிவு எதனைக் குறிக்கும் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவைப்பதே அவ்வொரு பக்கத்தின் பணி.