பிழையே தன் முகவரியைச் சொன்னால்

பெல் ஆய்வகத்தின் கணினி, பிழை தென்பட்டதும் வார இறுதியில் ஹாமிங்கின் வேலையைப் பாதியில் கைவிட்டுவிடும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்கு இடத்தையும் கண்டுபிடிக்கத் தெரியாதா என்ற எரிச்சலில் பிறந்த முறையை அவர் 1950-இல் வெளியிட்டார்.

1011 என்ற நான்கு பிட்டுகளை அனுப்புவோம். அவை 3, 5, 6, 7-ஆம் இடங்களில் அமரும். 1, 2, 4-ஆம் இடங்கள் காவல் பிட்டுகளுக்கு. முதல் காவலின் குழு 1, 3, 5, 7. இரண்டாவதன் குழு 2, 3, 6, 7. நான்காவதன் குழு 4, 5, 6, 7. ஒவ்வொரு குழுவிலும் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வேண்டும். அப்படி நிரப்பினால் கிடைப்பது 0110011.

வழியில் ஆறாவது பிட் புரண்டு 0110001 வந்து சேர்கிறது. முதல் குழுவில் இரண்டு ஒன்றுகள், சரி. இரண்டாவதில் மூன்று, நான்காவதில் ஒன்று; இரண்டும் தவறு. தவறிய காவல்களின் இட எண்களைக் கூட்டுங்கள்: 2 + 4 = 6. ஆறாவதைத் திருப்பினால் போதும். ஒவ்வோர் இடமும் தன் எண்ணைக் கூட்டித் தரும் காவல்களிடம் மட்டுமே சிக்கும், அதுதான் சூட்சுமம்.

மூன்றாவதும் ஆறாவதும் சேர்ந்து புரண்டால்? முதல், நான்காம் காவல்கள் தவறும், விடை 5. ஒழுங்காக இருந்த ஐந்தாவதையும் இயந்திரம் கெடுத்துவிடும். மொத்தத்தையும் சரிபார்க்கும் எட்டாவது பிட் ஒன்றைச் சேர்த்தால், இரட்டைப் பிழையைத் திருத்த முடியாவிட்டாலும் அடையாளம் காணலாம்.