டாய்லெட்டில் ரத்தம்: சிறுநீரில் வருகிறதா, பிறப்புறுப்பிலிருந்து வருகிறதா? கண்டுபிடிப்பது எப்படி?

திருப்பூர் அருகே மங்கலத்தில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் 52 வயதுப் பெண் ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மாதவிடாய் நின்று 2 வருஷமாகிறது. ஒருநாள் டாய்லெட் போனால் தண்ணீர் சிவப்பாக இருக்கிறது. "சூடு புடிச்சிருச்சு, இளநீர் குடிச்சா சரியாயிடும்" என்று விட்டுவிடுவார். அல்லது, நின்றுபோன தீட்டு திரும்ப வந்துவிட்டது என்று நினைப்பார். இரண்டுமே ஆபத்தான கணக்கு.

சிறுநீர்த் துவாரமும் பிறப்புறுப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். ஒரு லிட்டர் சிறுநீரில் சுமார் 1 மில்லி ரத்தம் கலந்தாலே நிறம் மாறிவிடும். அதனால் டாய்லெட் தண்ணீரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் கவனிக்க வேண்டியது, ரத்தம் எப்போது வருகிறது என்பது. சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகத்திலோ கசியும் ரத்தம் பொதுவாக சிறுநீர் கழிக்கும்போதுதான் வெளியே வரும். எனவே ஒரு புது பேடை வைத்துக்கொண்டு 2, 3 மணி நேரம் வேலையைப் பார்க்கலாம். நடுவில் சிறுநீர் கழிக்காமலேயே பேடில் கறை பட்டால், பிறப்புறுப்பின் மீதுதான் சந்தேகம் அதிகம். மூலம் இருப்பவர்களுக்கு ஆசனவாயிலிருந்தும் கறை படலாம். பேடுக்குப் பதிலாக கட்டிங் வேஸ்ட் துணியை வைக்க வேண்டாம். சாயத் துணியில் கறை சரியாகத் தெரியாது, சுத்தமாகவும் இருக்காது.

அடுத்தது சிறுநீரைப் பார்ப்பது. தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பிறப்புறுப்பின் வாயில் சுத்தமான பஞ்சை ஒற்றிப் பிடித்துக்கொண்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை வெள்ளை அல்லது கண்ணாடி டம்ளரில் பிடிக்க வேண்டும். டம்ளரில் சிவப்பு, பஞ்சு சுத்தம் என்றால் ரத்தம் சிறுநீரில்தான். டம்ளர் தெளிவாக இருந்து பஞ்சில் கறை என்றால் அது பிறப்புறுப்பு ரத்தம். டாம்பான் பயன்படுத்திப் பழகியவர்கள் பஞ்சுக்குப் பதில் அதையே வைத்துப் பார்க்கலாம். கர்ப்பிணிகள் எதையும் உள்ளே வைக்கக் கூடாது.

இதிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. பீட்ரூட் சாப்பிட்டாலோ, டிபிக்கு ரிஃபாம்பிசின் மாத்திரை எடுத்தாலோ சிறுநீர் சிவந்து தெரியும். மாதவிடாய் நின்றவர்களுக்கு சிறுநீர்த் துவாரத்தின் ஓரத்தில் சின்னதாகச் சிவந்த சதை வளர்ந்து, துடைக்கும்போது ரத்தம் படுவதும் உண்டு. இதை மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இந்தச் சோதனை யாரிடம் போவது என்பதைச் சொல்லும்; போகாமல் இருக்க அல்ல. அந்த 52 வயதுப் பெண்ணுக்கு பேடில் கறை என்றால், ஒரு சொட்டாக இருந்தாலும் மகப்பேறு மருத்துவர் கர்ப்பப்பையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான். சிறுநீரில் ரத்தம் என்றால் சிறுநீர்ச் சோதனையும் ஸ்கேனும் தேவை. எரிச்சலோடு வந்தால் பெரும்பாலும் கிருமித் தொற்றாக இருக்கும். வலியே இல்லாமல் ஒரே ஒரு முறை வந்து நின்றதுதான் கூடுதல் கவனம் கேட்பது.

ரத்தக்கட்டிகள் வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, குளிர் காய்ச்சலோடு விலாவில் வலித்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ, கர்ப்பத்தில் ரத்தம் பட்டாலோ டம்ளர் சோதனைக்கெல்லாம் நேரமில்லை. உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.