ரோஜா முள்ளும் ஐந்து மாதக் குளிசையும்

நோர்பரியில் எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டுப் பின்வளவிலும் ஒரு ரோஜாச்செடி நிற்கும். முன்பு இருந்த வெள்ளைக்காரர் நட்டுவிட்டுப் போனது. நம்மவர்கள் அதை வெட்டி எறிய மனமில்லாமல், அதனருகே கறிவேப்பிலைச் சாடியையும் வைத்துப் பராமரித்து வருகிறார்கள். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன் என்பதால், அந்தச் செடிகளில் ஒன்றின் முள்ளால் வந்த கதை ஆரம்பத்திலிருந்தே என் காதுக்கு வந்து சேர்ந்தது. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அறுபது வயதைத் தாண்டியவர் அவர். அன்ரி என்றே வைத்துக்கொள்வோம்.

மே மாதக் கடைசியில் செடியைக் கத்தரித்தபோது வலது பெருவிரலில் முள் ஏறியது. ஊசியால் கிளறி எடுத்துவிட்டு மறந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து அந்த இடத்தில் ஒரு பயற்றங்காய் மணியளவில் கட்டி. வலி அதிகம் இல்லை. பிறகு அது உடைந்து, மஞ்சளாகக் கொஞ்சம் கசிந்தது. இரண்டு முறை அன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டது, குறையவில்லை. ஜூலையில் மணிக்கட்டுக்கு மேல் ஒன்று, முன்கையில் இரண்டு, முழங்கைக்குக் கீழே ஒன்று என்று நான்கு கட்டிகள், நூலில் கோர்த்தது போல ஒரே வரிசையில் வந்தன. அன்ரி கையை நீட்டிக் காட்டினார். கட்டிகளுக்கிடையே தோலுக்குக் கீழே ஒரு கயிறு ஓடுவதை விரலால் உணர முடிந்தது.

அந்த வரிசைதான் இந்த நோயின் கையெழுத்து. முள்ளோடு உள்ளே போன பூஞ்சை இரத்தத்தில் ஓடுவதில்லை. நிணநீர்க் குழாய் வழியே மெதுவாக மேலே ஏறி, போகிற வழியில் அங்கங்கே தங்குகிறது. அதனால் விரலில் இருப்பது மிகப் பழைய கட்டி, முழங்கைக்கு அருகில் இருப்பது மிகப் புதியது. இந்த வயது வித்தியாசத்தை நினைவில் வைத்திருங்கள், குணமாவதைக் கணக்கிடும்போது தேவைப்படும்.

நோயின் பெயர் ஸ்போரோட்ரிக்கோசிஸ். 1898இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெஞ்சமின் ஷென்க் என்ற மாணவ மருத்துவர் கையில் இப்படிப்பட்ட புண்களோடு வந்த ஒருவரிடமிருந்து பூஞ்சையைப் பிரித்தெடுத்து விவரித்தார். அதனால்தான் அதற்கு ஸ்போரோத்ரிக்ஸ் ஷென்கீ என்று பெயர். மண்ணிலும் மக்கும் செடியிலும் பாசியிலும் மரத்திலும் அது வாழ்கிறது. தென்னாபிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் 1940களின் ஆரம்பத்தில் ஏறத்தாழ மூவாயிரம் தொழிலாளருக்கு இது வந்தது. சுரங்கத்தைத் தாங்கி நின்ற மரத்தூண்களில் பூஞ்சை படர்ந்திருந்தது. 1988இல் அமெரிக்காவில் நாற்றுகளைச் சுற்றிக் கட்டிய பாசியிலிருந்து 15 மாநிலங்களில் 84 பேருக்குப் பரவியது. இந்தியாவில் இமயமலை அடிவாரம் முழுவதும், இமாச்சலத்திலிருந்து அசாம் வரை, இது புதிதல்ல. இங்கிலாந்தில் அபூர்வம். அபூர்வம் என்பதுதான் சிக்கல்: இங்கே யாரும் முதலில் இதை நினைப்பதில்லை.

நம்மவர் என்றால் இன்னொரு சிக்கல். தோலில் சதைத்துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிவது குருமணி போன்ற அழற்சிக் கட்டமைப்பு. தென்னாசியத் தோல், அந்தக் கட்டமைப்பு, ஆறாத புண் மூன்றும் சேர்ந்தால் காசநோய் என்ற எண்ணம் வருவது இயல்பு. பூஞ்சை உடலில் மிகக் குறைவாகவே இருப்பதால் நுண்ணோக்கியில் பெரும்பாலும் அகப்படாது. மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வரும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமியும் இதே வரிசைக் கட்டிகளைத் தரும். ஆகவே வளர்த்துப் பார்ப்பதுதான் தீர்ப்பு. எடுத்த சதையில் ஒரு பாதியை ஃபோர்மலினில் போடாமல் உப்புநீரில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வளர்க்க எதுவும் மிஞ்சாது. அத்துடன் "முள் குத்தியது" என்று கடிதத்தில் எழுத வேண்டும். அந்த ஒரு சொல் இருந்தால் ஆய்வுகூடத்தார் தட்டுகளை நாலு வாரம் வரை வைத்திருப்பார்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். அன்ரியின் தட்டில் பன்னிரண்டாம் நாள் முளைத்தது. அறை வெப்பத்தில் அது நூலாக வளர்ந்து டெய்சிப் பூவின் இதழ் போல வித்துக்களை வைக்கும். உடல் வெப்பத்தில் அதே உயிர் சுருட்டு வடிவ ஈஸ்டாக மாறும். இந்த இரட்டை வேடம்தான் அதன் அடையாளம்.

ஆகஸ்ட் நடுவில் இட்ராகொனசோல் தொடங்கியது. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம், அதாவது நூறு மில்லிகிராம் கூட்டுக் குளிசை இரண்டு. "எத்தனை நாளைக்கு தம்பி?" என்று கேட்டார். மூன்று முதல் ஆறு மாதம் என்றேன். "தோல் வருத்தத்துக்கா?" என்று அன்ரி முகத்தைச் சுளித்தார். நியாயமான கேள்விதான்.

பதில் மருந்து வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. நம் உயிரணுக்களின் சவ்வில் கொலஸ்ட்ரோல் இருப்பது போல, பூஞ்சையின் சவ்வில் எர்கொஸ்டெரோல் இருக்கிறது. அதைக் கட்டும் நொதி ஒன்றை இட்ராகொனசோல் முடக்குகிறது. பூஞ்சை உடனே செத்துவிழுவதில்லை. வளர முடியாமல், பெருக முடியாமல் நிற்கிறது. அதைக் கொன்று அகற்றுவது நம் உடலின் வேலை. உடலோ ஏற்கெனவே அதைச் சுற்றிக் கோட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறது. கோட்டைக்குள் ஒடுங்கியிருக்கும் சில உயிரணுக்கள் தீரும்வரை மருந்தின் பிடி தளரக்கூடாது. மேல்தோல் மூடிவிட்டது என்று நிறுத்தினால், கயிறு போன்ற குழாயில் மிச்சமிருப்பது மறுபடி பெருகும். அன்டிபயாட்டிக் ஏழு நாள் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இதற்கு முன் கைகண்ட மருந்து பொட்டாசியம் அயோடைட் கரைசல். பிரான்சில் 1903இல் டெ பெர்மன் அதை இந்த நோய்க்குக் கொண்டுவந்தார். சில துளிகளில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுப்பார்கள். வாயில் உலோகச் சுவை, எச்சில் ஊறல், முகப்பரு என்று தொல்லைகள் உண்டு. ஆனால் மலிவு, அதனால் இந்திய மலைப்பகுதிகளில் அதற்கு இன்னும் இடமிருக்கிறது.

அன்ரியின் கதையில் சறுக்கல் இரண்டாம் வாரத்தில் தெரிந்தது. குளிசை உடலில் ஓரளவு நிலைபெற இரண்டு வாரம் ஆகும். அப்போது இரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இருந்தால் நல்லது. அன்ரிக்கு 0.2தான் இருந்தது. "ஒழுங்காகத்தான் எடுக்கிறன்" என்று அவர் சத்தியம் செய்தார், உண்மையும் அதுதான். விசாரித்ததில், வயிறு எரிகிறது என்று கடையில் சீட்டில்லாமலே வாங்கிய ஒமெப்ரசோலைத் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். வைத்தியரிடம் சொல்லவேண்டிய மருந்து அது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இட்ராகொனசோல் கூட்டுக் குளிசை கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைத்தால் மருந்து அப்படியே போய்விடும். ஆகவே அதைச் சாப்பாட்டோடு, முழுச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அமிலக் குறைப்பை நிறுத்தவே முடியாதவர்களுக்குக் கோலா போன்ற புளிப்புப் பானத்தோடு கொடுப்பதும் உண்டு. மருந்தின் திரவ வடிவம் இதற்கு நேர்மாறு, வெறும் வயிற்றில் குடிப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அன்ரி ஒமெப்ரசோலை விட்டு, இரவுச் சோற்றுடன் குளிசையை எடுக்கத் தொடங்கினார். அடுத்த இரண்டு வாரத்தில் அளவு 1.1.

அவருடைய கொலஸ்ட்ரோல் குளிசையான சிம்வாஸ்டாட்டினை முதல் நாளே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஈரல் அதை உடைக்கும் வழியை இட்ராகொனசோல் அடைத்துவிடும். தேங்கிய சிம்வாஸ்டாட்டின் தசையைச் சிதைக்கலாம். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகொனசோலைக் கொடுக்கத் தயங்குவார்கள். அதனால் கால் வீக்கமும் மூச்சு வாங்குவதும் உடனே சொல்ல வேண்டியவை. ஈரல் இரத்தப் பரிசோதனை தொடங்கும்முன் ஒரு முறையும் பிறகு இடையிடையேயும் செய்வார்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறமாவது ஆகியவை பரிசோதனைக்குக் காத்திராத அறிகுறிகள். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து இல்லை. பூஞ்சை சூட்டை விரும்பாது என்பதால் அவர்களுக்குப் புண்ணில் 42 பாகை அளவில் ஒத்தடம் கொடுக்கும் வழியே முதலில் பார்க்கப்படுகிறது.

இனி, குணமாவதை எப்படி அறிவது? இந்த நோய்க்கு, "தீர்ந்தது" என்று சொல்லும் இரத்தப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை. கண்ணும் விரல் நுனியும்தான் கருவி. அன்ரியின் மகள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே சன்னலருகே, பக்கத்தில் ஒரு 10 பென்ஸ் காசை வைத்துக் கையைப் படமெடுத்தார். காசின் விட்டம் 24.5 மில்லிமீட்டர்; படத்திலேயே அளந்துகொள்ளலாம். பேனாவால் கட்டிகளின் விளிம்பைக் குறித்து வைப்பதும் உதவும்.

முதலில் நடப்பது புதுக்கட்டி வராமல் நிற்பது. ஆறாம் வாரத்தில் வரிசை நீளவில்லை, பெருவிரல் கசிவு காய்ந்தது. பத்தாம் வாரத்தில் முழங்கைப் பக்கம் இருந்த இளைய இரண்டு கட்டிகளும் தடவினால் தெரியவில்லை. பழையது, பெரியது கடைசியில் போகும். பெருவிரல் பொருக்கு உதிர்ந்து தட்டையாகப் பதினாறு வாரம் ஆனது. அதற்குமேல் நாலு வாரம். கடைசிப் புண் ஆறிய பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் தொடர்வதே வழக்கம். ஜனவரி முதல் வாரத்தில்தான் குளிசை நின்றது.

இடையில் நவம்பரில் அன்ரி மனமுடைந்து வந்தார். "பார் தம்பி, இன்னும் கறுப்பாத்தானே கிடக்கு. மருந்து பிடிக்கேல்லை." வெள்ளைத் தோலில் சிவப்பு மறைவதைப் பார்த்துக் குணம் என்று எழுதிய பாடநூல்கள் நமக்கு முழுதாக உதவாது. நம் தோலில் அழற்சி அடங்கிய பின்னும் கறுப்பு மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கும். அது பூஞ்சை அல்ல, தோல் விட்டுச்சென்ற நிறமி. எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும்: நிறம் மங்கலாகத் தெரியும் தோலில் உள்ளே கட்டி கெட்டியாகவே இருக்கலாம். அதனால் கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொன்னேன். கறுப்பான இடம் பக்கத்துத் தோலைப் போல மிருதுவாக, மடிப்பாக எடுக்கக்கூடியதாக இருந்தால் அது தழும்பு. கெட்டியாக, மேடாக, கயிறோடு சேர்ந்து நகர்ந்தால் நோய் மிச்சம். பெருவிரல் அப்போது கெட்டியாகத்தான் இருந்தது, முன்கை மிருது.

ஒருவேளை ஆறு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள்? முதலில் இரத்த அளவு, பிறகு எடுக்கும் விதம், பிறகு நோய் இதுதானா என்ற சந்தேகம். எல்லாம் சரியாக இருந்தால் அளவை 200 மில்லிகிராம் இரு வேளையாகக் கூட்டுவதோ டெர்பினாஃபினுக்கு மாற்றுவதோ உண்டு. எலும்பு, மூட்டு, நுரையீரல் தொட்ட நோய்க்கு ஒரு வருடமாவது ஆகும்.

முள் இல்லாமலும் இது வரும். 2022இல் இங்கிலாந்தில் மூன்று பேருக்கு ஸ்போரோத்ரிக்ஸ் பிரசிலியென்சிஸ் என்ற உறவுப் பூஞ்சை தொற்றியது, பிரேசிலிலிருந்து வந்த ஒரே பூனையிடமிருந்து. ஒருவர் அந்தப் பூனைக்கு வைத்தியம் பார்த்த விலங்கு மருத்துவர்.

நிறுத்திய பிறகு மூன்று மாதம் கழித்து அன்ரியை ஒரு முறை பார்த்தார்கள். வரிசை திரும்பவில்லை. முன்கையில் நான்கு கறுப்புப் புள்ளிகள், பெருவிரலில் ஒரு வெளுத்த தழும்பு. சிம்வாஸ்டாட்டின் மறுபடி தொடங்கியாயிற்று. ரோஜாச்செடி இன்னும் நிற்கிறது. அதைக் கத்தரிக்கும் வேலை இப்போது மருமகனுக்கு, முழங்கை வரை தோல் கையுறையோடு.