இருபத்திரண்டு நொடிக்கு எத்தனை எம்பி?

பிஜிஎம்ஐ விளையாட்டின் எராங்கல் வரைபடத்தில் கடைசி வட்டம் வரை தாக்குப்பிடித்தால் ஓர் ஆட்டம் அரை மணி நேரத்தைத் தொட்டுவிடும். அவ்வளவு நேரத்தில் நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றும் பகுதி இருபது, முப்பது நொடிகளுக்கு மேல் இருப்பதில்லை. புகைக்குண்டுக்குள் ஓடிப்போய், கீழே விழுந்த கூட்டாளியை எழுப்பிவிட்டு, துரத்தி வந்த இருவரையும் வீழ்த்திய அந்தக் காட்சிதான் வேண்டும். ஆனால் அது எப்போது வரும் என்று தெரியாததால் ஆட்டம் தொடங்கும்போதே ரெக்கார்டிங் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்கு ‘சேமிப்பிடம் இல்லை’ என்று ஃபோன் சொல்லும்போதுதான் மற்ற 24 நிமிடங்கள் எங்கே போயின என்ற கேள்வி வருகிறது.

வீடியோவின் அளவைத் தீர்மானிப்பது விளையாட்டோ, திரையின் நீளமோ அல்ல. ஒரு நொடிக் காட்சிக்கு எவ்வளவு தரவு ஒதுக்கப்படுகிறது என்பதே கணக்கு. இதை ‘பிட்ரேட்’ என்பார்கள். நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று குறிப்பார்கள். எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி. எனவே பிட்ரேட்டை எட்டால் வகுத்து, நொடிகளால் பெருக்கினால் ஃபைலின் அளவு கிடைத்துவிடும்.

ஒரு ஃபோன் 1080p தெளிவில் நொடிக்கு 12 மெகாபிட் வீதம் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் நொடிக்கு ஒன்றரை எம்பி. 25 நிமிட ஆட்டம் என்றால் 1,500 நொடி, அதாவது 2,250 எம்பி. சுமார் இரண்டேகால் ஜிபி. வேண்டிய 22 நொடிக் காட்சியோ வெறும் 33 எம்பி. நூறில் இரண்டு பங்குகூட இல்லாத ஒரு துண்டுக்காக மீதி அத்தனையும் ஃபோனில் கிடக்கிறது.

எல்லா ஃபோனிலும் இந்த 12 என்ற எண் பொருந்தாது. தன் ஃபோனின் கணக்கை அறிய ஒரு நிமிடம் விளையாடிப் பதிவு செய்து, கேலரியில் அந்த ஃபைலின் விவரத்தைப் பார்த்தால் போதும். அதைச் சண்டை நடக்கும் நேரத்தில் செய்ய வேண்டும்; லாபியில் நின்றுகொண்டு அல்ல. முந்தைய ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் என்ன மாறியது என்பதைத்தான் வீடியோ பெரும்பாலும் சேமிக்கிறது. லூடோ ஆட்டத்தில் பலகை அசையாமல் கிடக்கும், ஒரு காய் மட்டும் நகரும். தரவு குறைவாகவே தேவைப்படும். பிஜிஎம்ஐயில் புல் அசைகிறது, புகை சுழல்கிறது, துப்பாக்கியைத் திருப்பியவுடன் முழுத் திரையும் மாறுகிறது. அமுக்கிச் சிறிதாக்குவதற்கு மிகவும் சிரமம் தரும் காட்சிகள் இவைதான்.

வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய கிளிப் ஏன் கட்டம் கட்டமாக உடைந்து தெரிகிறது என்பதற்கும் காரணம் இதுவே. கல்யாண வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அது சுருக்கப்படுகிறது. ஆனால் அதில் மேடை அசைவதில்லை, முகங்கள் பெரிதாகத் தெரிகின்றன, பாதிப்பு கண்ணில் படுவதில்லை. கேம் கிளிப்பில் யார் யாரைச் சுட்டார்கள் என்று திரையின் ஓரத்தில் ஓடும் சிறிய எழுத்துகள்தான் முதலில் அழியும். எதிரியின் பெயரைப் படிக்க முடியவில்லை என்றால் அளவுக்கு மீறி அமுக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. 2023-இல் வாட்ஸ்அப் வீடியோவுக்கு HD என்ற தேர்வைக் கொண்டுவந்தது. அனுப்புவதற்கு முன் மேலே உள்ள அந்தக் குறியைத் தொட்டால் 720p தெளிவில் போகும். ஆறரை அங்குலத் திரையில் பார்க்க அது தாராளம். இரண்டாவது, வீடியோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அதே ஃபைலை இணைப்பது. அப்போது வாட்ஸ்அப் அதைத் தொடுவதே இல்லை. 33 எம்பி 33 எம்பியாகவே போய்ச் சேரும். 2022 முதல் இப்படி 2 ஜிபி வரை அனுப்பலாம். எடிட் செய்து தொகுக்கப்போகும் நண்பருக்கு இப்படித்தான் அனுப்ப வேண்டும். சும்மா பார்த்துச் சிரிக்கப்போகும் இருபது பேர் குழுவுக்கு இது தேவையில்லாத சுமை. தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவில் காலம் தள்ளுபவருக்கு இப்படி ஐந்து கிளிப் வந்தால் 165 எம்பி, அன்றைய ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், கரைந்துவிடும்.

குழுவுக்கு அனுப்பும் கிளிப்பை முன்கூட்டியே தாமே சிறிதாக்கிக்கொள்வது நல்லது. இன்ஷாட் போன்ற எடிட்டிங் செயலிகளில் சேமிக்கும்போது தெளிவையும், நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். 1080p-யை 720p ஆக இறக்கி, நொடிக்கு 4 மெகாபிட் அளவில் வைத்தால் அதே 22 நொடி 11 எம்பியில் அடங்கிவிடும். ஃபிரேமை 60-லிருந்து 30 ஆகக் குறைத்தால், அதே அளவுக்குள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் தரவு கிடைக்கும். படம் தெளிவாக இருக்கும். ஆனால் நொடிப்பொழுதில் திரும்பிச் சுட்ட ஷாட்டைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் 60-ஐ விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்தத் திருப்பத்தின் அழகே அந்தக் கூடுதல் ஃபிரேம்களில்தான் இருக்கிறது. டிஸ்கார்டில் இலவசக் கணக்குக்கு ஒரு ஃபைல் 10 எம்பி வரைதான். அதற்குள் 22 நொடி அடங்க வேண்டுமானால் ஒலியையும் சேர்த்து நொடிக்கு மூன்றரை மெகாபிட்டைத் தாண்டக் கூடாது.

வெட்டும் வேலையில் பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. சரியாக 18-வது நிமிடம் 40-வது நொடியில் வெட்டியிருப்பார்கள். வந்த கிளிப் ஒரு நொடி முன்னதாகத் தொடங்கும், அல்லது முதல் கணம் படம் உறைந்து நின்று ஒலி மட்டும் ஓடும். வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை என்பதே காரணம். ஓரிரு நொடிகளுக்கு ஒருமுறை ஒரு முழுப் படம் வரும். இடையில் இருப்பவை அதிலிருந்து மாறியவை மட்டுமே. சில செயலிகள் தரத்தைக் குறைக்காமல் அப்படியே வெட்டித் தருகின்றன. அவற்றால் முழுப் படம் இருக்கும் இடத்தில்தான் தொடங்க முடியும். வேறு சில செயலிகள் அந்தத் துண்டைப் புதிதாக உருவாக்குகின்றன. நினைத்த இடத்தில் வெட்டு விழும், தரம் கொஞ்சம் இறங்கும். எது நடக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது: கண் இமைக்கும் நேரத்தில் சேமித்து முடிந்தால் முதல் வகை, சதவீதம் மெல்ல ஏறினால் இரண்டாவது வகை.

ஐந்தாறு நொடிகளை முன்னால் விட்டு வெட்டினால் இந்தத் தொல்லை வராது. பார்ப்பவருக்கும் அந்த நொடிகள் வேண்டும். எதிரி எங்கிருந்து வந்தான், கையில் எவ்வளவு உயிர் மீதி இருந்தது என்று தெரியாமல் வெறும் சுட்ட கணத்தை மட்டும் பார்ப்பவருக்கு அதன் கஷ்டம் புரியாது.

ஃபார்மட் விஷயத்தில் ஃபோனில் விளையாடுபவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. திரைப் பதிவு வழக்கமாக எம்பி4 ஃபைலாகவே வரும். அந்த உறைக்குள் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் சில சமயம் சிக்கல். H.264 எங்கும் ஓடும். அதற்குப் பின் வந்த HEVC, ஏறத்தாழ அதே தரத்தைக் குறைந்த இடத்தில் தரும். ஆனால் பழைய கணினிகளில் திறக்காமல் போகலாம். ஒலி கேட்கிறது, திரை கறுப்பாக இருக்கிறது என்று நண்பர் சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். எடிட்டிங் செயலியில் H.264 ஆகச் சேமித்து மறுபடி அனுப்பினால் சரியாகிவிடும்.

எம்பி4-க்கு இன்னொரு பலவீனம் உண்டு. அது இடம் நிறைந்த ஃபோனில்தான் வெளிப்படும். எந்த ஃபிரேம் ஃபைலில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, பதிவு முடியும்போது கடைசியில்தான் பொதுவாக எழுதப்படும். நடுவே பேட்டரி தீர்ந்தாலோ, இடம் போதாமல் ரெக்கார்டர் முடங்கினாலோ அந்த அட்டவணை எழுதப்படாமல் போகலாம். கேலரியில் ஃபைல் இருக்கும், 1.8 ஜிபி என்று காட்டும், எதில் திறந்தாலும் ஓடாது. அதனால், பதிவு செய்யப்போகும் அளவைப்போல் இரண்டு மடங்கு இடமாவது காலியாக இருக்கும்போதே பட்டனை அழுத்துவது பாதுகாப்பு. வெட்டிய பிரதியைச் சேமிக்கவும் அந்த இடம் வேண்டும்.

வெட்டிச் சேமித்த பிறகும் இடம் காலியாவதில்லை என்பதுதான் அடுத்த ஏமாற்றம். கூகுள் போட்டோஸில் வெட்டி முடித்ததும் Save copy என்று வரும். அது 33 எம்பி கிளிப்பைப் புதிதாகச் சேர்க்கிறது. இரண்டேகால் ஜிபி மூலம் அப்படியே இருக்கிறது. மூலத்தை அழித்தாலும் அது குப்பைத் தொட்டிக்குத்தான் போகிறது. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகாத ஃபைல் அங்கே 30 நாளும், பேக்கப் ஆனது 60 நாளும் தங்கும். ஐஃபோனில் சமீபத்தில் அழித்தவை என்ற ஆல்பத்தில் 30 நாள் இருக்கும். தொட்டியைக் காலி செய்த பிறகே ஃபோனில் இடம் பிறக்கும். அதற்கு முன் வெட்டிய கிளிப்பை ஒருமுறை ஒலியோடு கடைசிவரை ஓட்டிப் பார்ப்பது அவசியம். காலி செய்த பிறகு மீட்க வழியில்லை. ஆண்ட்ராய்டு ஃபோனில் வாட்ஸ்அப் தான் அனுப்பிய வீடியோவுக்கும் Sent என்ற ஃபோல்டரில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சேமிப்பிடம் பற்றிய பகுதியைத் திறந்தால், 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகத் தெரியும், அங்கிருந்தே அழிக்கலாம்.

முழு ஆட்டத்தையும் பதிவு செய்யாமலே தப்பிக்கும் வழி கணினிக்கும் கன்சோலுக்கும் உண்டு. விண்டோஸின் கேம் பாரில் பின்னணிப் பதிவை இயக்கி வைத்தால், நல்ல காட்சி நடந்து முடிந்த பிறகு Win + Alt + G அழுத்தி, அதற்கு முந்தைய 30 நொடியை மட்டும் சேமிக்கலாம். பிளேஸ்டேஷன் 5-இலும் இதுபோல நடந்து முடிந்ததைத் திரும்பிப் பிடிக்கும் வசதி இருக்கிறது. இந்த வசதி இல்லாத ஃபோனில் விளையாடுபவர்கள், வட்டம் சுருங்கிக் கடைசிச் சில அணிகள் மிஞ்சும்போது ரெக்கார்டிங்கைத் தொடங்கலாம். ஆறு நிமிடத்துக்கு மேலே சொன்ன கணக்குப்படி 540 எம்பிதான் ஆகும்.